டொஹ், மால், யா: ஜெர்மன் பேச்சில் இந்த மூன்று சிறு சொற்களும் என்ன செய்கின்றன?

ஜெர்மன் படிக்கும் ஒருவர் கூடவே குடியிருப்பவரிடம் "பிரிங் டேன் ம்யுல் ருன்ட்டர்" என்கிறார். குப்பையைக் கீழே கொண்டுபோ என்று பொருள். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் கேட்டவர் முகம் சுருங்குகிறது. அதே வாக்கியத்தில் ஒரு "மால்" சேர்த்து "பிரிங் மால் டேன் ம்யுல் ருன்ட்டர்" என்றிருந்தால் "கொஞ்சம் அந்தக் குப்பையைக் கீழே கொண்டுபோயிடு" என்று இயல்பாகக் கேட்டிருக்கும். செய்தி ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியம் உத்தரவு, இரண்டாவது வீட்டுக்குள் பேசும் பேச்சு.

இப்படி வாக்கியத்தின் செய்தியை மாற்றாமல், பேசுகிறவர் எந்த எண்ணத்தோடு சொல்கிறார் என்பதை மட்டும் காட்டும் சொற்களை ஜெர்மன் மொழியியலில் அப்டோனுங்ஸ்பார்ட்டிகல் என்கிறார்கள். தமிழில் இங்கே சாயல் சொல் என்று சொல்கிறேன். ஹரால்ட் வைட் என்ற மொழியியலாளர் 1969-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைத்தது. அதற்கு முன்பு இவற்றுக்கு மரியாதை குறைவு. லுட்விக் ரைனர்ஸ் என்ற உரைநடை ஆசிரியர் இத்தகைய சொற்களை மொழியின் ரோமத்தில் ஊரும் பேன்கள் என்றே திட்டியிருக்கிறார். எழுத்தில் அவர் சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு. பேச்சில் இந்தப் பேன்கள் இல்லாவிட்டால் ஆள் விறைப்பாகத் தெரிவார்.

இந்தக் குடும்பத்தில் டென், ஹல்ட், ஏபன், வோல் என்று இன்னும் பல உண்டு. இங்கே டொஹ், மால், யா மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மன் வாக்கியங்களைக் காதில் விழுகிற மாதிரி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஏனென்றால் இந்த விஷயத்தில் பாதி அழுத்தத்தில்தான் இருக்கிறது. "ஹ்" என்று முடியும் இடத்தில் தொண்டையிலிருந்தோ அண்ணத்திலிருந்தோ வரும் காற்றொலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அழுத்தத்தைக் கேட்டு, ஒத்த உருவங்களைப் பிரியுங்கள்

அகராதியைத் திறந்தால் யா என்றால் "ஆமாம்", டொஹ் என்றால் "ஆனாலும்", மால் என்றால் "தடவை" என்று இருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அவையும் சரியான பொருள்கள்தான், ஆனால் வேறு வேலை செய்யும் வேறு சொற்கள். நமக்கு வேண்டிய சாயல் சொல்லுக்கு ஓர் அடையாளம் உண்டு. அது அழுத்தம் இல்லாமல் வாக்கியத்தின் நடுவில் ஒட்டிக்கொண்டு வரும். தனியாக நிற்காது, வாக்கியத்தின் முதலிலும் வராது.

டொஹ் தனியாக நின்றால் அது ஒரு பதில். "ஹஸ்ட் டூ கைனன் ஹுங்கர்?" (உனக்குப் பசிக்கலையா?) என்று எதிர்மறையாகக் கேட்டால், பசிக்கிறது என்பதற்கு "யா" என்று சொல்ல முடியாது. "டொஹ்!" என்றுதான் சொல்ல வேண்டும். வாக்கியத்தின் முதலில் வந்தால் அது "ஆனால்". நடுவில் வந்து அழுத்தமும் பெற்றால் "எதிர்பார்த்ததற்கு மாறாக" என்று பொருள். "ஏர் இஸ்ட் டொஹ் கெகொமன்" என்பதில் டொஹ்ஹை அழுத்தினால் "வரமாட்டான்னு நினைச்சோம், ஆனா வந்துட்டான்". அழுத்தாமல் ஓட்டி, கெகொமனை அழுத்தினால் "அவன்தான் வந்தானே, உனக்குத் தெரியாதா?" எழுத்தில் இரண்டும் ஒன்றே. இதனால்தான் வாசித்து மட்டும் இதைக் கற்க முடிவதில்லை.

யா அழுத்தம் பெற்றால் அது எச்சரிக்கை. "மஹ் டஸ் யா நிஹ்ட்!" என்பதில் யா ஓங்கி ஒலிக்கும். "அதை மட்டும் செஞ்சிடாதே" என்று பொருள். பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்வது. இதையும் அழுத்தமில்லாத யாவையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாலில் அழுத்தம் அவ்வளவு உதவாது, பொருளைப் பார்க்க வேண்டும். "இஹ் ஹாப் மால் இன் பெர்லீன் கெவோன்ட்" என்றால் "ஒரு காலத்தில் பெர்லினில் இருந்தேன்". இதிலுள்ள மால் காலத்தைச் சொல்கிறது. கேட்கும்போதும், ஏவும்போதும், "நான் இதைச் செய்யப் போறேன்" என்று சொல்லும்போதும் வரும் மால்தான் நமக்கு வேண்டியது.

படி 2: எந்த வாக்கியத்தில் எது வரும் என்று பாருங்கள்

எந்த வாக்கியத்திலும் எதையும் போட்டுவிட முடியாது. அழுத்தமில்லாத யா செய்தி வாக்கியத்திலும் வியப்பிலும் மட்டுமே வரும். கேள்வியில் வராது, ஏவலிலும் வராது. மால் ஏவலிலும், "முடியுமா" என்று கேட்கும் கேள்வியிலும், எண்ணத்தைச் சொல்லும் வாக்கியத்திலும் வரும். டொஹ் செய்தியிலும் வரும், ஏவலிலும் வரும், ஏக்கத்திலும் வரும். "வென் ஏர் டொஹ் கேம!" என்றால் "அவன் வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!"

கேள்வியில்தான் கற்பவர்கள் அதிகம் சறுக்குவது. ஆமாம்-இல்லை கேள்வியில், அதாவது வினைச்சொல் முதலில் வரும் கேள்வியில், அழுத்தமில்லாத டொஹ் வராது. "கொம்ஸ்ட் டூ டொஹ் மொர்கன்?" என்று கேட்டால் எதிராளி டொஹ்ஹை அழுத்தமாக எடுத்துக்கொண்டு, "முதலில் வரலைன்னு சொன்னியே, இப்போ வர்றியா?" என்று புரிந்துகொள்வார். "நாளைக்கு வர்றேல்ல?" என்று உறுதி கேட்க வேண்டுமானால் செய்தி வாக்கியத்தின் வரிசையை அப்படியே வைத்து, குரலை மட்டும் கடைசியில் உயர்த்த வேண்டும்: "டூ கொம்ஸ்ட் டொஹ் மொர்கன்?" ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்பது இது.

என்ன, யார், எப்படி என்ற கேள்விகளை மென்மையாக்க இந்த மூன்றையும் தேடாதீர்கள். அங்கே வர வேண்டியது டென். "வீ ஹைஸ்ட் டூ டென்?" என்று ஒரு குழந்தையிடம் கேட்டால் "உன் பேரு என்ன, கண்ணு?" என்ற பரிவு வரும். டொஹ்ஹுக்கு இங்கே இருப்பது ஒரே ஒரு சிறு இடம்: தெரிந்த ஒன்று சட்டென்று நினைவுக்கு வராதபோது. "வீ வார் டொஹ் க்ளைஹ் ஈர் நாம?" என்றால் "உங்க பேரு... சொன்னீங்களே, என்னது?"

படி 3: மாலில் தொடங்குங்கள்

மூன்றிலும் எளிது மால். அதை முதலில் பழகினால் மறுநாளே பயன்படும். மால் சொல்வது ஒன்றுதான்: "இது பெரிய வேலை இல்லை." தமிழில் "கொஞ்சம்" செய்யும் வேலை. "கொஞ்சம் கதவைத் திற" என்னும்போது கதவைப் பாதி திறக்கச் சொல்லவில்லை அல்லவா? கேட்பதன் கனத்தைத்தான் குறைக்கிறோம்.

"கொம் மால் ஹேர்" (கொஞ்சம் இங்க வா). "கன்ஸ்ட் டூ மீர் மால் ஹெல்ஃபன்?" (கொஞ்சம் உதவ முடியுமா?). "இஹ் கே மால் ஐன்காவ்ஃபன்" (கடைக்குப் போயிட்டு வந்துடறேன்). இந்த மூன்றாவதைக் கவனியுங்கள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. என்றாலும் கிளம்புவதைச் சாதாரணமாகச் சொல்லவும் மால் வருகிறது. மருத்துவரும் இதைத்தான் சொல்வார்: "மஹன் ஸீ மால் டேன் முன்ட் அவ்ஃப்." வாயைத் திறங்க. மரியாதைச் சொல்லான ஸீயோடும் மால் தாராளமாக வரும். மால் என்றாலே நண்பர்களுக்குள் மட்டும் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

பேச்சைத் தொடங்கும் "ஸாக் மால்" (ஆமா, ஒண்ணு கேக்கணும்), "ஹோர் மால்" (இங்க பாரு, கேளு), "குக் மால்" (இதைப் பாரேன்) ஆகியவற்றை ஒற்றைச் சொல்லாகவே மனப்பாடம் செய்துவிடுங்கள். மால் இல்லாத "ஸாக்!" போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும்.

மாலுக்கு ஓர் எல்லை உண்டு. அது சிறிய வேலைக்கானது. நிஜமாகவே பெரிய ஒன்றோடு சேர்த்தால் மென்மை வராது, கேலியோ அலட்சியமோ வரும். குடியேறியவர்கள் எரிச்சலோடு கேட்கும் ஒரு வாக்கியம், "லெர்ன் ஏர்ஸ்ட் மால் டொய்ச்!" முதலில் ஜெர்மன் கத்துக்கிட்டு வா என்று அர்த்தம். ஒரு மொழியைக் கற்பதை உப்பு எடுத்துத் தருவது போலச் சொல்வதில்தான் அதன் கொட்டு இருக்கிறது. "செய்யாதே" என்ற விலக்கோடும் மால் பெரும்பாலும் ஒட்டாது. சும்மா இருப்பதற்குக் கனம் குறைக்க ஒன்றுமில்லை.

இன்னொன்று: மால் "தயவுசெய்து" ஆகிவிடாது. கடைக்காரரிடமோ அலுவலகத்திலோ கேட்கும்போது மாலோடு "பிட்ட" என்பதையும் சேர்ப்பது நல்லது.

படி 4: யாவா, டொஹ்ஹா? ஒரே கேள்வியில் தீர்மானியுங்கள்

இதுதான் கடினமான இடம், இங்கே நிதானமாகப் போவோம். யா, டொஹ் இரண்டுமே "இது உனக்குத் தெரியும்" என்று சொல்கின்றன. தமிழில் இரண்டு இடத்திலும் "தானே" என்றோ, சொல்லின் கடைசியில் ஓர் ஏகாரம் போட்டோ சமாளித்துவிடுவோம். அதனால் நமக்கு வேறுபாடு சட்டென்று தெரிவதில்லை. ஜெர்மனில் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

மனதில் கேட்டுக்கொள்ள வேண்டியது இது: எதிராளி இப்போது சொல்வதோ செய்வதோ இந்த உண்மையோடு மோதுகிறதா? மோதவில்லை என்றால் யா. மோதுகிறது என்றால் டொஹ்.

ஒரு ஜோடியைப் பார்ப்போம். கூட்டத்தில் ஒருவர், "இஹ் ஹாப் யா கெஸ்டர்ன் கெஸாக்ட்..." என்று தொடங்குகிறார். "நேத்தே சொன்ன மாதிரி..." என்று பொருள். எல்லோருக்கும் தெரிந்ததைத் தளமாக வைத்து அடுத்த செய்திக்குப் போகிறார். சண்டை இல்லை. அதே ஆள் வீட்டுக்கு வந்து, "இஹ் ஹாப்ஸ் டீர் டொஹ் கெஸாக்ட்!" என்கிறார். "உன்கிட்ட சொன்னேனே!" நான் சொல்லாதது போல நீ நடந்துகொள்கிறாய் என்ற குற்றச்சாட்டு அந்த டொஹ்ஹில் இருக்கிறது.

வியப்பிலும் இதே கணக்குதான். மழையில் நனைந்து ஒருவர் உள்ளே வருகிறார். "டூ பிஸ்ட் யா கன்ட்ஸ் நஸ்!" என்றால் "ஐயோ, முழுக்க நனைஞ்சிருக்கியே!" இது முன்பே தெரிந்த செய்தி இல்லைதான். ஆனால் இருவர் கண்ணுக்கும் எதிரே இருப்பதால் மறுக்க இடமில்லை, எனவே யா. அவர் நேராகப் போய்ச் சோபாவில் உட்காரப் போகிறார் என்று வையுங்கள். இப்போது வருவது "டூ பிஸ்ட் டொஹ் நஸ்!" நனைஞ்சிருக்கிற, அங்க போய் உட்கார்றியே! அவர் செய்கையும் அவர் நிலையும் மோதுகின்றன, அதனால் டொஹ்.

நம் பழைய இலக்கணம் ஏகாரத்துக்குச் சொன்ன பொருள்களில் தேற்றமும் ஒன்று, அதாவது உறுதி. யா அந்தத் தேற்றத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. டொஹ் அதே தேற்றத்தோடு "உனக்கு ஏன் இது தெரியாத மாதிரி இருக்கு?" என்ற ஒரு நெம்பலையும் சேர்க்கிறது.

ஏவலில் வரும் டொஹ்ஹுக்கும் இந்த மோதல்தான் வேர். "ஸெட்ஸன் ஸீ ஸிஹ் டொஹ்" என்று வந்தவரை உபசரிக்கிறார்கள். நின்றுகொண்டிருக்கிறார், நிற்க அவசியமில்லை. இருக்கும் நிலைக்கும் இருக்க வேண்டிய நிலைக்கும் இடையே உள்ள அந்த வித்தியாசத்தைத்தான் டொஹ் தொடுகிறது. "உட்காருங்களேன்" என்பதில் வரும் ஏன் அப்படியே இதுதான். அதே டொஹ் "ஹோர் டொஹ் அவ்ஃப்!" (நிறுத்தேன்!) என்பதில் எரிச்சலாகக் கேட்கிறது. ஏன் ஒரு இடத்தில் அன்பு, ஒரு இடத்தில் கோபம்? அந்தச் செயலால் யாருக்கு நன்மை என்று பாருங்கள். கேட்பவருக்கு நன்மை என்றால் டொஹ் உபசரிப்பு. சொல்பவருக்கு நன்மை என்றால் டொஹ் பொறுமையின்மை. தமிழிலும் "இன்னும் கொஞ்சம் சாப்பிடேன்" என்பதும் "கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்பதும் ஒரே ஏன்தான்.

படி 5: சரியான இடத்தில் வையுங்கள்

சாயல் சொல்லுக்கு இடம், வினைக்கும் அதற்கு அடுத்து வரும் சின்னச் சின்னப் பிரதிப்பெயர்களுக்கும் பிறகு, புதிய செய்திக்கு முன்னால். குப்பையைப் பெயர் சொல்லிச் சொன்னால் "பிரிங் மால் டேன் ம்யுல் ருன்ட்டர்". "அதை" என்று சொன்னால் "பிரிங் ஈன் மால் ருன்ட்டர்". ஈன் என்ற பிரதிப்பெயர் மாலுக்கு முன்னால் தாவிவிட்டது. "பிரிங் மால் ஈன் ருன்ட்டர்" என்பது ஜெர்மன் காதுக்கு இடறும். முன்பு பார்த்த "இஹ் ஹாப்ஸ் டீர் டொஹ் கெஸாக்ட்" என்பதிலும் "டீர்" (உனக்கு) முன்னால் போய், டொஹ் அதற்குப் பிறகுதான் வந்தது.

துணை வாக்கியத்திலும் அப்படியே. "வைல் ஸீ யா அர்பைட்டன் முஸ்": அவள் வேலைக்குப் போகணுமே, அதனால. ஸீக்கு அடுத்து யா, வினை கடைசியில்.

முதலிடத்துக்கு மட்டும் கொண்டுபோகவே கூடாது. "யா, டூ பிஸ்ட் நஸ்" என்றால் "ஆமாம், நீ நனைந்திருக்கிறாய்" என்று யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாகிவிடும். வியப்பு போய்விடும்.

படி 6: இரண்டைச் சேர்க்கும்போது வரிசை மாறாது

டொஹ்ஹும் மாலும் ஜோடியாக அடிக்கடி வரும், எப்போதும் டொஹ் முதலில். "கொம் டொஹ் மால் ஃபோர்பை" என்றால் "ஒரு நாளைக்கு வீட்டுப் பக்கம் வாயேன்". டொஹ் "இன்னும் வரலையே நீ" என்கிறது, மால் "பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம்" என்கிறது. மால் டொஹ் என்று திருப்பினால் வாக்கியமே நிற்காது. யா வேறொன்றோடு சேர்ந்தால் யாதான் முன்னால். இந்த இரண்டு விதி போதும். மற்ற சேர்க்கைகளைக் காதில் விழும்போது முழு வாக்கியமாகப் பிடித்துக்கொள்வதே நல்லது.

ஒரு சமையலறைச் சண்டையை முழுக்கப் பார்ப்போம்

மாணவர்கள் சேர்ந்து குடியிருக்கும் வீடுகளில் யார் எந்த வாரம் சுத்தம் செய்வது என்று ஒரு அட்டவணை சுவரில் தொங்கும். பூட்ஸ்ப்ளான் என்பார்கள். "டூ பிஸ்ட் டீஸ வொஹ டிரன்" என்றால் "இந்த வாரம் உன் முறை". வெறும் தகவல். அட்டவணையைப் பார்க்காத ஒருவருக்குச் சொல்ல இதுவே சரி, எந்தச் சாயலும் தேவையில்லை.

இப்போது ஆனா, யோனாஸ் என்று இருவரை வைத்துக்கொள்வோம். ஆனா சமையலறைக்குள் வருகிறாள்.

ஆனா: "ஸாக் மால், டேர் ம்யுல் இஸ்ட் யா ஷோன் வீடர் ஃபொல்."
யோனாஸ்: "டூ பிஸ்ட் டொஹ் டீஸ வொஹ டிரன்."
ஆனா: "இஹ்? இஹ் வார் டொஹ் லெட்ஸ்ட்ட வொஹ டிரன்!"
யோனாஸ்: "அஹ் ஷ்டிம்ட், டன் பின் இஹ் யா டிரன்."
ஆனா: "டன் பிரிங் ஈன் டொஹ் மால் ருன்ட்டர்."

முதல் வரியில் ஸாக் மால் பேச்சைத் தொடங்குகிறது. அடுத்து யா. குப்பைக்கூடை மறுபடியும் நிரம்பிவிட்டது என்பது இருவர் கண்ணெதிரே இருக்கிறது. "இங்க பாரேன், குப்பை மறுபடியும் நிரம்பிடுச்சே." இங்கே டொஹ் போட்டிருந்தால், யோனாஸ் "இன்னும் இடம் இருக்கு" என்று ஏதோ மறுத்தது போல ஆகியிருக்கும்.

யோனாஸ் டொஹ் போடுகிறான். ஆனா தன் முறை இல்லாதது போலப் பேசுகிறாள், அவன் நினைப்பில் முறை அவளுடையது. "இந்த வாரம் நீதானே!" அவன் யா போட்டு "டூ பிஸ்ட் யா டீஸ வொஹ டிரன்" என்றிருந்தால், அது குற்றச்சாட்டாக இல்லாமல் வேறொன்றுக்கு முன்னுரையாக இருந்திருக்கும். "இந்த வாரம் உன் முறைங்கறதால குப்பைப் பையும் வாங்கிட்டு வந்துடு" என்பது போல ஏதாவது தொடர்ந்தாக வேண்டும்.

மூன்றாம் வரியில் ஆனா டொஹ்ஹை டொஹ்ஹாலேயே எதிர்க்கிறாள். "நானா? போன வாரம் நான்தானே செஞ்சேன்!" தெரிந்திருக்க வேண்டிய உண்மை, அவன் சொன்னதோடு மோதுகிறது.

நான்காம் வரிதான் இந்தப் பேச்சின் அழகான இடம். யோனாஸ் ஒப்புக்கொள்கிறான், உடனே டொஹ் யாவாக மாறுகிறது. "அட ஆமா, அப்போ நான்தான்." மோதல் தீர்ந்துவிட்டது, உண்மை இப்போது இருவருக்கும் பொது. டொஹ் போட்டுச் சொன்னதை எதிராளி ஏற்றுக்கொண்டால் அவர் வாயில் அது யாவோடு திரும்பி வரும். இதை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு எந்த உரையாடலிலும் தவறாமல் காதில் விழும். யா, டொஹ் வேறுபாட்டைப் பிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

கடைசி வரியில் ஜோடி: "அப்போ கொஞ்சம் கீழ கொண்டுபோயிடேன்." குரல் தணிந்திருந்தால் சமாதானம். ஆனால் ஆனா "பிரிங் டொஹ் என்ட்லிஹ் மால் டேன் ம்யுல் ருன்ட்டர்!" என்று இடையில் ஓர் என்ட்லிஹ் (இப்பவாவது) சேர்த்திருந்தால், அதே டொஹ்ஹும் மாலும் வைத்துக்கொண்டே வாக்கியம் முழுக் கோபமாகிவிடும். இந்தச் சொற்களுக்குள் மரியாதை தானாக இல்லை. பக்கத்துச் சொல்லும் குரலும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

எங்கே தவறும், எப்படித் தெரியும்?

கற்பவர்கள் அதிகம் செய்வது டொஹ்ஹை வாரி இறைப்பது. ஜெர்மன்காரர்கள் அடிக்கடி சொல்கிறார்களே என்று நாமும் எல்லாச் செய்தி வாக்கியத்திலும் போட்டால், எப்போதும் யாரையோ திருத்திக்கொண்டே இருப்பது போல இருக்கும். நீங்கள் சாதாரணமாக ஒன்றைச் சொன்னதற்கு எதிராளி "நான் மறுக்கலையே" என்றோ, "தெரியும், தெரியும்" என்றோ பதில் சொன்னால், தேவையில்லாத டொஹ் ஒன்று போயிருக்கிறது.

யாவில் தவறு வேறு மாதிரி. இப்போதுதான் அறிமுகமான ஒருவரிடம் "இஹ் கொம யா அவ்ஸ் சென்னை" என்று சொன்னால் அவர் ஒரு நொடி விழிப்பார். "நான்தான் சென்னைக்காரன் ஆச்சே" என்பது போலக் கேட்கும், அவருக்கு அது எப்படித் தெரியும்? புதிய தகவலுக்கு யா ஆகாது. "இது எனக்கு எப்போ சொன்னே?" என்ற பார்வைதான் அதற்கு அடையாளம்.

யாவின் இந்தக் குணத்தை விற்பனையாளர்கள் வசதியாகப் பயன்படுத்துவார்கள். "ஸீ வொலன் யா ஷ்பாரன்" (நீங்க பணம் மிச்சம் பிடிக்கணும்னுதானே இருக்கீங்க) என்று தொடங்கினால், நாம் ஒப்புக்கொள்ளாத ஒன்று ஒப்புக்கொண்டதாகவே நகர்ந்துவிடும். கேட்கும்போது யா வந்த இடத்தில் "இது நிஜமாவே எனக்கு உடன்பாடா?" என்று நின்று பார்ப்பது நல்லது.

எழுத்தில் அளவு குறையும். விண்ணப்பம், அலுவலகக் கடிதம், ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றில் யாவும் டொஹ்ஹும் அரிது, மால் அநேகமாக வராது. நண்பருக்கு அனுப்பும் செய்தியில் மூன்றும் பேச்சைப் போலவே வரும், அங்கே இல்லாவிட்டால்தான் கோபமாக இருக்கிறீர்களோ என்று சந்தேகம் வரும்.

படி 7: நீக்கிப் பார்த்துப் பழகுங்கள்

சந்தேகம் இருந்தால் போடாமல் விடுங்கள். சாயல் சொல் இல்லாத வாக்கியம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான். தவறான சாயல் சொல் நீங்கள் நினைக்காத ஒன்றையே சொல்லிவிடும். அதனால் பேசுவதில் மாலை முதலில் கொண்டுவாருங்கள், அப்புறம் உபசரிப்பு டொஹ், பிறகு வியப்பு யா. செய்தி வாக்கியத்து டொஹ்ஹைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுப் பழக, இருவர் இயல்பாகப் பேசும் ஒலிப்பதிவு ஒன்றை, எழுத்து வடிவமும் கிடைப்பதாக எடுங்கள். செய்தி வாசிப்பு உதவாது, அதில் இவை குறைவு. இரண்டு நிமிடப் பகுதி போதும். எழுத்து வடிவத்தில் மூன்று சொற்களும் வரும் இடங்களை எல்லாம் கோடிடுங்கள். பிறகு ஒலியைக் கேட்டு, அழுத்தம் விழுந்தவற்றை அடித்துவிடுங்கள். தனியாக நிற்பவற்றையும், "ஒரு காலத்தில்" என்று பொருள் தரும் மாலையும் அடித்துவிடுங்கள். மிஞ்சிய ஒவ்வொன்றையும் நீக்கி வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். அப்போது என்ன காணாமல் போகிறது என்பதைத் தமிழ்ப் பேச்சு வழக்கில் பக்கத்தில் எழுதுங்கள்: "கொஞ்சம்", "-ஏன்", "-ஏ", "தானே", "ஆச்சே". ஒரு டொஹ்ஹுக்கு நீங்கள் "தானே" எழுதினால், எது எதோடு மோதுகிறது என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள். மோதலைச் சொல்ல முடியவில்லை என்றால் முந்தைய நான்கைந்து வரிகளைத் திரும்பக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கே எதிராளி சொன்ன ஏதோ ஒன்றை நீங்கள் தவறவிட்டிருப்பீர்கள்.